ரெண்டு வட்டி என்றார்கள்... கணக்குப் போட்டால் ரெண்டே முக்கால்!

‘பேங்குக்கு அலையாமல் செல்போனிலேயே கடன் தருகிறார்கள். கொடுப்பது பேங்க் இல்லையாம், நம்மைப் போன்ற தனி ஆட்களாம். வாங்கலாமா? கட்ட முடியாமல் போனால் நிலத்துக்கு ஆபத்து வருமா?’

கேள்வி-பதில் பகுதிக்குச் சொட்டுநீர், பூச்சி, நோய் பற்றிய கேள்விகளோடு இந்தக் கேள்வியும் வந்திருந்தது. இரண்டு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. எங்கள் வட்டாரத்தில் ஒரு தக்காளி விவசாயி வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

அவருக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. நாற்று நடும் நேரத்தில் மோட்டார் எரிந்துவிட்டது. ஊரில் கைமாற்று கிடைக்கவில்லை. கல்லூரி முடித்த மகன் போனில் விண்ணப்பித்து, மூன்றே நாளில் கடன் வாங்கிவிட்டான். ஐம்பதாயிரம் ரூபாய், 12 மாதத் தவணை, ஆண்டுக்கு 24 சதவீத வட்டி.

“ரெண்டு வட்டிதானே சார், ஊர்ல மூணு வட்டி வாங்குறாங்களே” என்றார் அப்பா. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

இந்த ஏற்பாட்டுக்கு ‘பியர் டு பியர்’ கடன் என்று பெயர். கம்பெனி தன் பணத்தைக் கடனாகக் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. கையில் பணம் இருப்பவரையும் கடன் தேவைப்படுபவரையும் சேர்த்துவைப்பதுதான் அதன் வேலை. நம் மண்டித் தரகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி இதற்கு விதிகள் போட்டது. ஒருவருக்கு ஒரே ஆள் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. எல்லாத் தளங்களையும் சேர்த்து ஒருவர் 10 லட்சம் வரைதான் வாங்கலாம். தவணைக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. அடமானம் கிடையாது. விதியில் அனுமதித்த அளவு 50,000 என்றாலும், கொடுப்பவர்கள் ஆயிரம், ரெண்டாயிரம் என்று பிரித்துப் போடுவது வழக்கம். அதனால் அந்தப் பையனுடைய ஒப்பந்தத்தில் கடன் கொடுத்தவர்களாக நிறைய பேர் இருந்தார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் வரும்.

இனி கணக்குக்கு வருவோம். மாதத் தவணை 4,728 ரூபாய். பன்னிரண்டு மாதத்துக்கு 56,736 ரூபாய். வட்டி 6,736 ரூபாய்தான், பெரிதாகத் தெரியாது. ஆனால் வங்கிக் கணக்கில் வந்த பணம் ஐம்பதாயிரம் அல்ல, 47,640 ரூபாய். பரிசீலனைக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 360 ரூபாய். இரண்டையும் முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். வட்டியோ பிடித்த பணத்துக்கும் சேர்த்துத்தான். கைக்கு வந்ததை வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்குச் சுமார் 33½ சதவீதம் வருகிறது. நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் வட்டி.

இதை ஒளித்துவைக்கக் கூடாது என்பது விதி. கடன் விவரத்தாளில் ‘ஏ.பி.ஆர்.’ என்று ஒரு வரி இருக்கும். கட்டணத்தையும் சேர்த்த உண்மையான வட்டி அதுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வட்டியை விட்டுவிட்டு அந்த வரியைப் பாருங்கள். கட்டணம் ஒவ்வொரு தளத்திலும் வேறுபடும். கடன் காலம் குறையக் குறைய அதே கட்டணம் உண்மை வட்டியை இன்னும் தூக்கிவிடும்.

வட்டியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது தவணைத் தேதி. நட்ட 30-வது நாளில் முதல் தவணை. செடி அப்போதுதான் பூவெடுக்க ஆரம்பித்திருக்கும். அறுபதாவது நாளில் இரண்டாவது. முதல் பறிப்புக்கே ஏறக்குறைய 70 நாள் ஆகும். ஆக, இரண்டு தவணையைக் கையிலிருந்து கட்டினார்கள். மூன்றாவதைத் தக்காளிப் பணத்தில் கட்டினார்கள். நான்காவது வருவதற்குள் விலை விழுந்துவிட்டது. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டவில்லை என்று பாதித் தோட்டத்தைப் பறிக்காமலே விட்டார். மஞ்சளோ கரும்போ வைத்தவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், வருடம் முழுவதும் தவணை போய்க்கொண்டிருக்கும், வருமானம் கடைசியில்தான்.

நான்காவது தவணைக்குக் கணக்கில் பணம் இல்லை. கடன் வாங்கும்போதே வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தான். அது திரும்பியதும் வங்கி ஒரு அபராதம் போட்டது, தளம் தாமதக் கட்டணம் போட்டது. அதன்பின் தினமும் போன்.

பையன் என்னிடம் வந்து, “தள்ளுபடி அறிவிச்சா இதுக்கும் வருமா சார்?” என்று கேட்டான். வராது. 2021-ல் தள்ளுபடியானது கூட்டுறவுப் பயிர்க்கடன். வெள்ளம், வறட்சி என்று அறிவித்தால் வங்கிகள் பயிர்க்கடனுக்குத் தவணையை மாற்றிக் கொடுக்கும். இங்கே பணம் பல பேருடையது. அவர்கள் சம்மதமில்லாமல் தளம் ஒரு ரூபாயைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது.

நிலத்துக்கு ஆபத்தா என்று கேட்டவருக்கு இப்போது பதில். அடமானம் இல்லாததால் யாரும் நேராக வந்து நிலத்தில் கை வைக்க முடியாது. ஆனால் மூன்று விஷயங்கள் நடக்கும். தவறிய தவணை சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகும், அடுத்த முறை டிராக்டர் கடனுக்கோ கிசான் கார்டுக்கோ போகும்போது அது குறுக்கே நிற்கும். இரண்டாவது, பணம் இல்லாமல் தானியங்கி எடுப்பு திரும்பினால், செக் திரும்பியதற்குப் போடுவது போன்ற வழக்குப் போட 2007-ம் வருடப் பணப் பட்டுவாடா சட்டத்தில் 25-வது பிரிவு இருக்கிறது. அதற்கு முன் எழுத்துமூலம் நோட்டீஸ் வரும். வந்த 15 நாளுக்குள் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் வழக்குக்கு இடமில்லை. மூன்றாவது, ஒப்பந்தத்தில் சமரசத் தீர்ப்பாயம் என்ற வரி இருந்தால் வெளியூரிலிருந்து கடிதம் வரும். பிரிக்காமல் பரணில் போட்டால், நாம் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். அந்தத் தீர்ப்போடு நீதிமன்றம் போனால் சொத்து ஜப்தி வரைக்கும் போகலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கடிதத்தைக் காட்டினால் வழி சொல்வார்கள்.

மிரட்டலுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். அகால நேரத்தில் தொல்லை கொடுப்பது, அடியாள் அனுப்புவது எல்லாம் விதிக்குப் புறம்பு. போனில் உள்ள உறவுக்காரர் எண்களை எடுக்கவும் கடன் ஆப்புக்கு உரிமை கிடையாது. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம். ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் பதிவு பெற்ற தளங்களின் பட்டியலும் இருக்கிறது. பதிவு பெற்ற தளத்தில் பணம் ‘எஸ்க்ரோ’ என்ற தனி வங்கிக் கணக்கு வழியாகத்தான் வரும், போகும். கடன் கைக்கு வருமுன் ‘கட்டணத்தை இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க’ என்றால் அது மோசடி.

அந்தக் குடும்பம் என்ன செய்தது? இன்னொரு ஆப்பில் வாங்கி இதைக் கட்டப்போவதாகச் சொன்னான் பையன். வேண்டாம் என்று தடுத்தேன். பாக்கி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 41,000 ரூபாய் இருந்தது. அம்மாவின் வளையலைச் சொசைட்டியில் வைத்து நகைக்கடன் வாங்கி ஒரே தடவையாக அடைத்தார்கள். நகைக்கடனுக்கு மாதத் தவணை இல்லை, அடுத்த போகத்தில் மீட்கலாம்.

அவருக்குச் சொசைட்டியில் பயிர்க்கடன் கணக்கே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனை உரிய தேதியில் கட்டினால் வட்டியே கிடையாது. சிட்டா, அடங்கல் எடுத்துக்கொண்டு மறுவாரமே போய் உறுப்பினராகச் சேர்ந்தார்.

பையனுக்கு ஒரு வேலை பாக்கி வைத்தேன். கடன் முடிந்ததற்கான கடிதத்தைத் தளத்திலிருந்து வாங்கி வைக்க வேண்டும், தானியங்கி எடுப்பு அனுமதியை வங்கியில் ரத்து செய்ய வேண்டும். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை, வருடத்துக்கு ஒரு தடவை இலவசம், எடுத்துப் பார்த்தான். கடன் ‘முடிந்தது’ என்று இருந்தது. தவறிய அந்த ஒரு தவணை மட்டும் அப்படியே பதிவில் நிற்கிறது.