ஒரு வரி, ஒரு டாப், ஒரு அட்டை

இரத்மலானையில் ஓ/எல் படிக்கும் பிள்ளையின் வரலாற்றுக் கொப்பியில் ஒரு வரி: “1935 நவம்பர் 27 அன்று இரத்மலானை விமான நிலையத்தில் முதல் விமானம் தரையிறங்கியது.” இதை அப்படியே Anki அட்டையாக்கினால் கண் வாசிக்கும், மூளை தேடாது. ஆகவே கேள்விகளாக உடைக்கிறோம்:

```
#separator:tab
இரத்மலானையில் முதல் விமானம் இறங்கிய ஆண்டு?	1935
1935 நவம்பர் 27 அன்று முதல் விமானம் இறங்கிய இடம்?	இரத்மலானை
```

ஒரு அட்டைக்கு ஒரே விடை. இரண்டு கேட்டால், பாதி தெரிந்தவர் தன்னைச் சரியென்று மதிப்பிடுவாரா, பிழையென்றா?

கேள்விக்கும் விடைக்கும் நடுவில் இருப்பது இடைவெளி அல்ல, டாப். காற்புள்ளி வாக்கியத்துக்குள்ளேயே வரும், டாப் வராது. அதனால்தான் Anki கேள்வி முடியும் இடத்தைக் குழப்பமின்றி அறிகிறது. ஸ்பேஸ் தட்டியிருந்தால் முழு வரியும் முன்பக்கத்தில் விழும். இறக்கும் முன் காட்டும் மாதிரியிலேயே அது தெரிந்துவிடும். விடையின் நடுவே என்டர் தட்டினாலும் அட்டை இரண்டாகிவிடும். அங்கே `<br>` போட்டு, HTML-ஐ அனுமதியுங்கள்.

போன் விசைப்பலகையில் பெரும்பாலும் டாப் இல்லை. கணினியில் எக்செலின் இரு நிரல்களில் எழுதி, நோட்பேடில் ஒட்டினால் டாப் தானாகவே வரும். UTF-8 ஆகச் சேமியுங்கள். இல்லையேல் தமிழ் சிதையும்.