கோரைக்குள் தொலையும் கண்

கர்நாடகத்து மங்களூர் அல்ல இது. விருத்தாசலத்துக்கு மேற்கே, திட்டக்குடிப் பக்கம் இருக்கும் மங்களூர். இங்கிருந்து அதிக தூரமில்லாத வெலிங்டன் ஏரியில் தண்ணீர் இறங்கியதும் கரையோரம் கோரை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிடும். அதற்குள் நடந்த ஓர் ஆள்காட்டிக் குருவியிடம்தான் என் கேமரா ஒரு காலை முழுக்கத் தோற்றது. வெட்டவெளியில் நின்றவரை அதன் கண்மேல் சதுரம் ஒட்டிக்கொண்டிருந்தது. கோரைக்குள் நாலு எட்டு வைத்ததும் சதுரம் கண்ணிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து உடம்புக்கு என்று நழுவி, காணாமலே போனது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முன்னால் நின்ற புல் ஊசிமாதிரி கூர்மையாக இருக்கிறது. பறவை வெறும் பழுப்புக் கறை.

கண்ணைத் தேடும் வேலை, சொல்லப்போனால், கண்ணில் தொடங்குவதில்லை. கேமரா முதலில் உடம்பின் உருவத்தைக் கண்டு, பிறகு தலையை, கடைசியில் கண்ணைத் தேடுகிறது. கோரைத்தாள்கள் அந்த உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகின்றன. ‘இது பறவைதான்’ என்ற உறுதி குறைந்ததும், ஃபோகஸ் எது அருகில் பளிச்சென்று தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிறது.

அங்கே புல்லுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள், லென்ஸின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வரும் ஒளியை ஒப்பிட்டுத்தான் தூரத்தைக் கணிக்கின்றன. இப்படி அளக்கும்போது நெட்டுக்குத்தான கோடுகள்தான் மிகத் தெளிவாகச் சிக்கும். கோரை முழுக்க நெட்டுக்குத்தான கோடுகள்தானே! கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் அந்த இழுப்பு ஓரளவு தளரும். முழுக்கப் போகாது, காற்றில் புல் எல்லாத் திசையிலும் சாய்கிறது. 2022இல் வந்த ஓஎம்-1, 2024இல் வந்த கேனான் ஆர்1 போன்றவை இரு திசையிலும் ஒப்பிடுவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு.

இதைவிடக் கொடியது அடுத்து நடப்பது. 400 மி.மீ. லென்ஸ், எஃப் 5.6, பறவை 10 மீட்டரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுஅளவு சென்சாரில் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 20 செ.மீ.தான். ஃபோகஸ் ஒரு மீட்டர் முன்னால் உள்ள புல்லுக்குத் தாவிவிட்டால் பறவை முழுக்க மங்கிவிடும். மங்கிய பறவையில் கண்ணேது? கண் தெரியாததால் கேமரா திரும்பி வராது. பொத்தானை அழுத்தியபடியே காத்திருப்பது வீண். கையை எடுத்துவிட்டு, ஃபோகஸ் வளையத்தைப் பறவையின் தூரத்துக்குக் கையாலேயே கொண்டுவந்து, மறுபடி அழுத்த வேண்டும். பறவை இருக்கும் தூரத்தில் ஒரு கல்லோ மண்கட்டியோ இருந்தால் அதில் ஃபோகஸ் செய்துவிட்டுத் திரும்பலாம். கட்டைவிரலால் ஃபோகஸ் செய்யும் பின்பொத்தான் முறைக்கு மாறியபின் இது எனக்குப் பழகிப்போனது.

அமைப்பிலும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, எதைத் தேட வேண்டும் என்பது. நாய், பூனைக்கு விலங்கு, குருவிக்குப் பறவை. கேனானில் இது `Subject to detect`, நிக்கானில் `AF subject detection options`. பறவைக்கெனத் தனித் தேர்வு இருந்தால் அதையே வையுங்கள். நிக்கான் இசட்8க்கு அது 2024 பிப்ரவரியில் வந்த மென்பொருள் புதுப்பிப்பில்தான் கிடைத்தது. இரண்டாவது, ஃபோகஸ் பரப்பு. திறந்த வெளியில் முழுத்திரையும் சரி. புல்லில் சிறிய சதுரத்தை எடுத்து, பறவையின் கழுத்திலோ மார்பிலோ வைத்துத் துரத்தச் சொல்லுங்கள். மூன்றாவது, குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற அமைப்பு. கேனானில் மைனஸ் பக்கம், சோனியில் 1, நிக்கானில் 5 என்றால் பொறுமை அதிகம். ஒரு தாள் ஆடி விலகும் நேரத்தை அது தாங்கும். பறவை புல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் தாங்காது.

வீட்டு நாய்க்கும் கணக்கு இதேதான். கறுப்பு நாயென்றால் இன்னொரு சிக்கல்: கறுப்பு முகத்தில் கறுப்புக் கண் தெரியாது. முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கண்ணில் ஓர் ஒளிப்புள்ளி விழச் செய்தால் சதுரம் சட்டென்று உட்காரும்.

புல் எங்கே நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். முன்பு சொன்ன 400 மி.மீ. லென்ஸின் திறப்பு 7 செ.மீ. அகலம். லென்ஸுக்கு மிக அருகே நிற்கும் அரை செ.மீ. தாளைச் சுற்றி அது பார்த்துவிடும். படத்தில் மெல்லிய பச்சைத் திரையாக மட்டும் விழும். பறவையின் முகத்தை ஒட்டி நிற்கும் தாள் கண்ணை நிஜமாகவே மறைத்துவிடும். அதற்கு எந்த அமைப்பும் உதவாது, ஓரடி பக்கவாட்டிலோ மேலேயோ நகர்வதுதான் வழி.

நான் கடைசியில் செய்ததும் அதுதான். தரையில் படுத்திருந்தவன் எழுந்து ஏரிக்கரையில் பாதி ஏறினேன். மேலிருந்து பார்த்ததும் குறுக்கே இருந்த தாள்கள் பாதியாகக் குறைந்தன. சிறிய சதுரத்தைக் கழுத்தில் வைத்தேன். இரண்டு தாள்களுக்கு நடுவே சிவப்பு மடலும் அதன் பின்னால் கண்ணும் தெரிந்த கணத்தில் சதுரம் அங்கே தாவியது. குருவி கத்திக்கொண்டு எழும்புவதற்குள் ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். மூன்றில் கண் கூர்மையாக இருந்தது.