'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொல்லப்பட்டால்: கண்டியில் ஒரு தொழில் முறைப்பாடு எப்படி நகர்கிறது

முல்லைத்தீவிலிருந்து 2018 மார்ச்சில் கண்டிக்கு வேலைக்கு வந்தவர் அந்தத் தங்கச்சி. நகரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பகுதியில் இருந்தார். 2024 நவம்பர் 4ஆம் திகதி, திங்கட்கிழமை, கடை பூட்டும் நேரத்தில் முகாமையாளர் கூப்பிட்டு "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். கடிதம் தரவில்லை. காரணமும் சொல்லவில்லை. முதலாளி கொழும்பிலிருந்து வந்ததும் பேசலாம், ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

மஹியாவவில் அவர் தங்கியிருந்த போர்டிங்கில்தான் அவரைச் சந்தித்தேன். வேறொரு கட்டுரைக்காகப் போன இடம் அது. "பொறுத்துப் பார்க்கிறதுதானே அக்கா நல்லது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடிப் போனதில் விளைந்ததே இந்தக் கட்டுரை. அவர் கேட்டபடி அவருடைய பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பேசிப் பார்க்கலாம், அதில் தவறில்லை. ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகச் சட்டம் தரும் காலக்கெடு நிற்பதில்லை. வேலை நிறுத்தப்பட்ட அன்றே அது ஓடத் தொடங்கிவிடும். பெரிய ஆடைத் தொழிற்சாலைகளிலும் ஹோட்டல்களிலும் உள்ளக முறைப்பாட்டு ஒழுங்கு என்று ஒன்று இருக்கும். முதலில் மேற்பார்வையாளர், பிறகு மனிதவளப் பிரிவு, பிறகு பொது முகாமையாளர், ஒவ்வொருவருக்கும் இத்தனை நாள் என்று அதில் எழுதியிருப்பார்கள். சம்பளத்தில் ஒரு பிழை, லீவுப் பிரச்சினை, மேற்பார்வையாளரின் தொல்லை போன்ற, வேலையில் இருந்துகொண்டே தீர்க்கக்கூடிய விடயங்களுக்கு அது பயன்படும். வேலையே போனபின் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தால், வெளியே இருக்கும் கதவு மூடப்படும் நாள் நெருங்கிக்கொண்டே வரும். இந்தக் கடையில் அப்படியோர் ஒழுங்கும் இல்லை. முகாமையாளரின் வாய்ச்சொல்தான் ஒழுங்கு.

ஆகவே முதல் வேலை, திகதியை எழுத்தில் பிடித்து வைப்பது. நவம்பர் 5ஆம் திகதி காலையில் அவர் வழமைபோலக் கடைக்குப் போனார். உள்ளே விடவில்லை. அன்றே ஒரு கடிதம் எழுதினோம். நேற்று மாலை இன்னார் என்னை வர வேண்டாம் என்றார், இன்று வேலைக்கு வந்தபோது அனுமதிக்கவில்லை, நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், காரணத்தை எழுத்தில் தரவும். நான்கே வரிகள். கண்டி தபாலகத்தில் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு ஊசி குத்தி வைத்தோம்.

இந்த நான்கு வரி எதற்கு என்பது பின்னால் தெரிந்தது. கடைத் தரப்பு பிறகு சொன்னது "அவராகத்தான் விலகினார்" என்று. தொழில் வழக்குகளில் அடிக்கடி கேட்கும் வாதம் இது. நிறுத்தியதை முதலாளி ஒப்புக்கொண்டால், நிறுத்தியது நியாயம் என்று சாட்சியங்களோடு முதலில் காட்ட வேண்டியவர் அவர்தான். நிறுத்தவே இல்லை என்று மறுத்தால், நிறுத்தப்பட்டதை நிரூபிக்கும் சுமை தொழிலாளியிடம் வந்துவிடும். மறுநாளே போன ஒரு பதிவுத் தபால் அந்தச் சுமையில் பாதியைத் தூக்கிவிடும். வேலைக்குச் சேரும்போது வெற்றுத் தாளில் ஒப்பம் வாங்கி வைக்கும் இடங்களும் உண்டு. அந்தத் தாள் ஒரு நாள் இராஜினாமாக் கடிதமாக மாறி வரும்போதும் இதே தபால்தான் எதிர்ச்சாட்சி.

காரணத்தை எழுத்தில் கேட்டதற்குச் சட்ட அடிப்படையும் இருக்கிறது. வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுத் தண்டனையாக ஒருவரை நிறுத்தினால், அதற்கடுத்த இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். இவருடைய கணக்கில் அது நவம்பர் 6. எதுவும் வரவில்லை. ஒழுக்காற்றுக் காரணம் இல்லையென்றால் வேறொரு விதி வரும். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவரை நிறுத்த, அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். வியாபாரம் சரியில்லை என்பது மட்டும் போதாது.

அடுத்த படி கண்டி மாவட்டத் தொழில் காரியாலயம். இங்கே ஒரு விடயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு இருந்தது ஒரு பிரச்சினை அல்ல, மூன்று. வேலை போனது ஒன்று. பணிக்கொடை வரவில்லை என்பது இன்னொன்று. மூன்றாவதை அவர் அப்போதுதான் கண்டுபிடித்தார். சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் 8 வீதம் கழிக்கப்பட்டிருந்தது. ஆனால் கணக்கு அறிக்கையில் கடைசி ஒன்பது மாதப் பணத்தைக் காணவில்லை. மூன்றையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதினால், விசாரணையில் ஒன்றைப் பேசி மற்றதை விட்டுவிடும் நிலை வரும். நாங்கள் மூன்று தலைப்புகளாகப் பிரித்து எழுதினோம்.

பணிக்கொடைக் கணக்கு எளிது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேராவது வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்கு, ஒவ்வொரு நிறைவான வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்கிறது. அவருடைய கடைசிச் சம்பளம் 38,000 ரூபாய். பாதி 19,000. நிறைவான வருடங்கள் ஆறு. மொத்தம் 114,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் தாமதத்தின் அளவைப் பொறுத்து 10 முதல் 30 வீதம்வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். தானாக விலகினாலும் இந்தப் பணம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. "நீயாகத்தானே போனாய், பணிக்கொடை எதற்கு" என்று சொல்லிப் பலரை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள். மோசடி, பணக் கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் போன்ற காரணங்களுக்காக நிறுத்தப்பட்டவரிடம் மட்டுமே, அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு, அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

சேமலாப நிதியில் தொழிலாளியின் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதம் போட வேண்டும். 38,000 ரூபாய்க்கு அது 3,040உம் 4,560உம். ஒன்பது மாதத்துக்கு 68,400 ரூபாய். இதற்குப் பதினைந்து பேர் என்ற எல்லை கிடையாது, ஒரேயொருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பி, தண்டப்பணம்போல அறவிடலாம்.

இரகசியம் பற்றிய கேள்வி இந்த இடத்தில்தான் வந்தது. கடையில் இன்னும் வேலை செய்யும் இருவருக்கும் அதே ஒன்பது மாதப் பணம் இல்லை. ஆனால் பெயர் வெளியே வந்தால் தங்களையும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார்கள். போருக்குப் பிறகு ஊரில் காணியும் தொழிலும் இல்லாமல் இங்கே வந்து நிற்பவர்களுக்கு அந்தப் பயம் சின்ன விடயமல்ல.

தொழிற் பரிசோதனை பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 81ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1956இல் ஏற்றது. முறைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதைப் பரிசோதகர் முழு இரகசியமாக வைத்திருக்க வேண்டும், முறைப்பாட்டின் பேரில்தான் வந்தேன் என்றுகூட முதலாளிக்குக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதன் 15ஆம் உறுப்புரை. ஆகவே எல்லோரையும் பாதிக்கும் சேமலாப நிதி, மேலதிக நேரம், சம்பளப் பதிவேடு போன்றவற்றில், பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதிக் கேட்கலாம். அதிகாரி வந்து முழுப் பதிவேட்டையும் பார்த்தால், யார் சொன்னது என்பது அதிலிருந்து தெரியாது.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது. என் வேலை போய்விட்டது, என் பணிக்கொடை வரவில்லை என்பது ஒருவருடைய முறைப்பாடு. முதலாளியைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது பெயர் சொல்லாமல் எதையும் பேச முடியாது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்ட பிறகு, அந்த இருவரும் சேமலாப நிதிக்கு மட்டும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார்கள். தங்கச்சியின் கடிதத்தில் அவர்களைச் சாட்சியாகக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால் இரகசியம் அங்கேயே முடிந்திருக்கும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்டியில் நிர்வாக மொழி சிங்களம் என்றாலும், அரச காரியாலயத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நாங்கள் தமிழிலேயே கொடுத்தோம். விசாரணையில் பதியப்படும் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே ஒப்பமிட வேண்டும். 'நிறுத்தினார்கள்' என்பதற்கும் 'நின்றேன்' என்பதற்கும் சின்ன வித்தியாசம்போலத் தோன்றும், வழக்கின் திசையே அதில் மாறிவிடும்.

இனி வேலை போன விடயம். அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆணையாளரிடம் முறையிடுவது ஒன்று, தொழில் நியாய சபைக்கு மனுக் கொடுப்பது மற்றது. ஒரே நிறுத்தத்தை இரண்டு இடத்திலும் இழுப்பது சிக்கலில் முடியும், எது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். நிறுத்தவே இல்லை என்று கடை சொன்னதால், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யக்கூடிய நியாய சபையை அவர் தேர்ந்தார். மனுவுக்கான காலக்கெடு சட்டத் திருத்தங்களில் மாறி வந்த ஒன்று. ஆறு மாதம் என்று யாரோ சொன்னதை நம்பிக் காத்திருக்காமல் மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. அவர் ஜனவரி முடிவதற்குள் கொடுத்துவிட்டார். தொழில் காரியாலய விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

நியாய சபை சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீதியும் ஒப்புரவும் எது என்று பார்த்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. மீண்டும் வேலை, பின்சம்பளம், அல்லது நட்டஈடு எனத் தீர்ப்பு அமையலாம். தீர்ப்பில் சட்டப் பிழை கண்டால் 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். முதலாளி மேன்முறையீடு செய்தால், கொடுக்கச் சொன்ன தொகைக்குப் பிணையாகப் பணம் வைப்பிலிட வேண்டும். வெறுமனே இழுத்தடிக்க மேலே போவதை இது கொஞ்சம் தடுக்கிறது.

இழுபடுவது என்னவோ உண்மைதான். திகதி போட்டு, பிறகு இன்னொரு திகதி போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் முல்லைத்தீவிலிருந்து முதல் நாளே பஸ் ஏறி வர வேண்டியிருக்கிறது. கண்டியில் வாடகை கொடுக்க முடியாமல் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

பணிக்கொடை, மேலதிகத் தொகையோடு, தொழில் காரியாலயத்தில் இரண்டாவது விசாரணைக்குப் பிறகு காசோலையாகக் கிடைத்தது. சேமலாப நிதியின் ஒன்பது மாதமும் கணக்கில் ஏறியிருக்கிறது, அந்த இருவருக்கும் சேர்த்து. அவர்கள் இன்னும் அதே கடையில் வேலை செய்கிறார்கள். நிறுத்தம் பற்றிய மனு நியாய சபையில் நடக்கிறது. சென்ற தவணையில் கடைத் தரப்புச் சட்டத்தரணி பதிவுத் தபால் பற்றுச்சீட்டின் மூலப் பிரதியைக் கேட்டார். அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.