குறைகளை வரிசைப்படுத்தும் படம்

எண்பதுக்கு இருபது என்றொரு விதி தொழிற்சாலைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. விளைவுகளின் பெரும்பகுதி சில காரணங்களிலிருந்தே பிறக்கிறது என்பதே அதன் கருத்து. இதற்குப் பரேட்டோ விதி என்று பெயர். ஆனால் இத்தாலியப் பொருளியலறிஞரான வில்பிரெடோ பரேட்டோ தொழிற்சாலைக் குறைகளை ஆராய்ந்தவரல்லர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், நாடுகளின் வருமானம் மக்களிடையே எவ்வாறு பரவிக் கிடக்கிறது என்பதையே அவர் ஆராய்ந்தார். 1920 களில் சிக்காகோவுக்கு அருகே தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலையொன்றில் பணியாற்றிய யோசேப்பு ஜூரான் என்ற பொறியியலாளர், குறைகளுள் ஒரு சில வகைகளே திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். 1951 இல் வெளிவந்த தமது கைந்நூலில் இதற்குப் பரேட்டோவின் பெயரைச் சூட்டினார். அப்பெயர் பொருத்தமானதன்று என்று 1975 இல் அவரே எழுதினார். ஆயினும் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

இனிப் படத்துக்கு வருவோம். மேற்சட்டை தைக்கும் ஆலையொன்றில் ஒரு வாரத்தில் 200 குறைகள் பதிவாயின என்று வைத்துக்கொள்வோம். தையல் விடுபட்டவை 92, எண்ணெய்க் கறை பட்டவை 60, பொத்தான் தளர்ந்தவை 18, காலர் கோணியவை 12, அளவு பிழைத்தவை 10, ஏனையவை 8. இவற்றை மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை இடமிருந்து வலமாகத் தூண்களாக வரைய வேண்டும். 'ஏனையவை' என்ற தூண் எப்போதும் கடைசியிலேயே நிற்கும். அது பெருத்துக் காணப்பட்டால், குறைகளை வகுத்த முறையே சரியில்லை என்று அறியலாம்.

தூண்களின்மேல் ஒரு கோடு ஏறிச் செல்லும். முதல் தூணில் நூற்றுக்கு 46. இரண்டையும் கூட்ட 76. மூன்றையும் கூட்ட 85. இவ்வாறு இறுதியில் 100 ஐ அடையும். கோடு தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பின்னர் படுத்துவிடுகிறதல்லவா? அது படுக்கத் தொடங்கும் இடத்துக்கு முன்னுள்ளவையே முதலில் கவனிக்கத்தக்கவை. இங்கே ஆறு வகைகளுள் இரண்டு, நூற்றுக்கு 76 குறைகளுக்குப் பொறுப்பாகின்றன. எண்பதும் இல்லை, இருபதும் இல்லை. அதனாற் குற்றமில்லை. அவ்விரண்டு எண்களும் இயற்கையின் கட்டளைகளல்ல. ஏற்றத்தாழ்வு பெரிது என்பதற்கு ஓர் அடையாளம் மாத்திரமே. கோடு ஏறக்குறைய நேராகவே ஏறினால், அந்த வகுப்பில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று பொருள். அப்போது குறையின் பெயரால் வகுப்பதை விட்டு, இயந்திரத்தால், துணியால், வேலை நேரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

நமது உதாரணத்திலும் அதைச் செய்யலாம். விடுபட்ட 92 தையல்களை இயந்திரவாரியாகப் பிரித்தால், 12 இயந்திரங்களுள் இரண்டிலிருந்தே 70 வருகின்றன என்று கொள்வோம். இப்பொழுது மேற்பார்வையாளர் எல்லாத் தையலாளரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அவ்விரு இயந்திரங்களிலும் ஊசி மழுங்கியுள்ளதா, வளைந்துள்ளதா, ஊசியும் நூலைப் பற்றும் கொக்கியும் உரிய கணத்தில் சந்திக்கின்றனவா என்று பார்த்தாற் போதும்.

இந்தப் படத்தை வரைவோர் பலர் தவறுமிடம் ஒன்றுண்டு. எண்ணிக்கை வேறு, இழப்பு வேறு. விடுபட்ட தையலை மீண்டும் தைக்க 30 ரூபாயும், கறையைப் போக்க 20 ரூபாயும் செலவாகலாம். கோணிய காலரை மாற்ற 150 ரூபாய் வேண்டும். அளவு பிழைத்த சட்டையோ விற்பனைக்குதவாது. 600 ரூபாய் முழுவதும் நட்டம். எனவே தையலால் 2,760 ரூபாயும், கறையால் 1,200 ரூபாயும், காலரால் 1,800 ரூபாயும் போக, அளவுப் பிழையால் மட்டும் 6,000 ரூபாய் போகிறது. பொத்தானும் ஏனையவையும் சில நூறு ரூபாய்க்கு மேற்போகா. ஐந்தாவதாக நின்ற குள்ளத் தூண், இழப்பை வைத்து வரைந்த படத்தில் முதலிடத்துக்கு வந்து, மொத்த இழப்பில் ஏறத்தாழப் பாதியைத் தானே சுமக்கிறது! எண்ணிக்கைப் படத்தை மட்டும் நம்பிய முகாமையாளர், வெட்டும் மேசைக்குச் செல்ல வேண்டிய வேளையில் தையல் இயந்திரத்தருகே நின்றுகொண்டிருப்பார். ஆகவே இரு படங்களையும் வரைந்து அருகருகே வைப்பதே என் கருத்தில் நல்லது.

திருத்தம் செய்தபின் மறு வாரமும் அதே அளவுகோலில் படம் வரைய வேண்டும். நூற்றுவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றமடைய நேரும்; ஏனெனில் தையற்குறை ஒழிந்ததும், ஒன்றும் கூடாத எண்ணெய்க் கறையின் பங்கு தானாகவே உயர்ந்து தோன்றும். தூணின் உயரம் 60 லேயே நிற்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.