கடைசி மணித்துளியில் 695 டாலர்

2020 டிசம்பர் 18, வெள்ளிக்கிழமை. டெஸ்லா நிறுவனத்தைப் பற்றி அன்று பெரிய செய்தி எதுவும் இல்லை. ஆனாலும் முந்தைய நாள் 656 டாலருக்கு அருகில் முடிந்த அதன் பங்கு, கடைசி நிமிடங்களில் விறுவிறுவென ஏறி 695 டாலரில் நின்றது. ஒரே நாளில் 20 கோடிக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறின.

அடுத்த திங்கட்கிழமை முதல் டெஸ்லா எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் சேர இருந்தது. அதுதான் காரணம். அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகள் டெஸ்லாவை வாங்கியே தீர வேண்டும். குறியீட்டில் மாற்றம் வெள்ளிக்கிழமையின் முடிவு விலையில்தான் கணக்காகும் என்பதால், ஃபண்டும் அதே விலையில் வாங்கவே விரும்பும். காலையில் மலிவாக வாங்கினாலும் குறியீட்டிலிருந்து விலகியதாகவே ஆகும். விலகாமல் இருப்பதுதான் ஃபண்ட் மேலாளரின் வேலை. விலை கூடுதலா குறைவா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல.

முடிவு விலை ஓர் ஏலத்தில் பிறக்கிறது. சிறிய கணக்காகப் பார்ப்போம். என்ன விலையானாலும் சரி என்று 1,000 பங்குகள் வாங்க ஆர்டர் வந்திருக்கிறது. விற்பவர்களில் 400 பங்குகளுக்கு 100 ரூபாய் கேட்பவர், 300 பங்குகளுக்கு 102 கேட்பவர், 500 பங்குகளுக்கு 105 கேட்பவர் இருக்கிறார்கள். 102-இல் 700 பங்குகள்தான் கைமாறும். 105-இல் ஆயிரமும் கைமாறும். அதிகப் பங்குகள் கைமாறும் விலையே ஏல விலை. ஆகவே 100 கேட்டவருக்கும் 105 கிடைக்கும். விலை பார்க்காமல் வாங்குபவர் பெருகினால் விலை துள்ளுவது இதனால்தான்.

டெஸ்லா சேரப்போவது நவம்பர் 16-ஆம் தேதியே அறிவிக்கப்பட்டுவிட்டது. அன்று பங்கு 408 டாலர். முன்கூட்டியே வாங்கி வைத்தவர்கள் ஒரு மாதம் காத்திருந்து ஃபண்டுகளிடம் விற்கலாம். இடைப்பட்ட ஏற்றம் முழுவதற்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் திங்கட்கிழமை பங்கு ஆறு சதவீதத்துக்கு மேல் சரிந்து 650 டாலருக்கு இறங்கியது. என்னைப் பொறுத்தவரை, இண்டெக்ஸ் ஃபண்ட் முதலீட்டாளர் தருகிற, கட்டணப் பட்டியலில் காணாத செலவு இது. எல்லா முறையும் இப்படி நடப்பதில்லை. முன்கூட்டி வாங்குவோர் அளவுக்கு மீறினால் துள்ளலே இல்லாமலும் போகும்.

நம் சந்தையில் முடிவு விலை நெடுங்காலமாகக் கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் சராசரியாக இருந்து வந்தது. அதனால் நெரிசல் அந்த அரை மணி நேரத்தில் பரவியிருக்கும். நிஃப்டி 50 மாற்றங்கள் மார்ச், செப்டம்பர் மாதங்களின் இறுதியிலும், எம்எஸ்சிஐ மாற்றங்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களிலும் வரும். செய்தியே இல்லாமல் ஒரு பங்கு மாலையில் துள்ளினால், வாங்க ஓடும் முன் அந்தப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.