வகுக்காமல் வகுக்கும் கணக்கு

ஒன்பது பேரில் மூன்று பேரை 84 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். பதினோராம் வகுப்பில் படித்த சூத்திரம்தான்: 9!-ஐ 3!-ஆலும் 6!-ஆலும் வகுக்க வேண்டும். ஈருறுப்புக் கெழு என்று பாடநூல் சொல்லும் எண் இது. ஒன்பதுக்குப் பதில் பத்து லட்சம் பேர் என்றால் என்ன செய்வது? பத்து லட்சத்தின் காரணீயப் பெருக்கத்தில் 55 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் இருக்கின்றன. அதனால்தான் நிரலாக்கப் போட்டிகளில் முழு விடையைக் கேட்பதில்லை. விடையை 1000000007 என்ற பகா எண்ணால் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கேட்கிறார்கள்.

கூட்டலிலும் பெருக்கலிலும் மீதியை அவ்வப்போது எடுத்துக்கொண்டே போகலாம், விடை கெடாது. வகுத்தலில்தான் சிக்கல். 13 என்ற சிறிய பகா எண்ணை வைத்து இதைப் பார்க்கலாம். 9!-ஐ 13-ஆல் வகுத்தால் மீதி 11. 3!-க்கு 6, 6!-க்கு 5. கீழே உள்ள இரண்டையும் பெருக்கினால் 30, அதன் மீதி 4. இப்போது 11-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும், ஆனால் மீதியில்லாமல் வகுபடவில்லை. நிரலில் முழு எண் வகுத்தல் போட்டால் 2 வரும். உண்மையான விடையோ 6, ஏனென்றால் 84-இலிருந்து 78-ஐக் கழித்தால் 6. நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் தவறான எண்ணைத் தந்துவிடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

இதற்கு வழி, 4-ஆல் வகுப்பதற்குப் பதிலாக 4-இன் நேர்மாறால் பெருக்குவது. எந்த எண்ணை 4-ஆல் பெருக்கினால் மீதி 1 வருமோ, அதுதான் நேர்மாறு. 4 × 10 = 40, அதாவது மூன்று 13-உம் மேலே ஒன்றும். ஆகவே 4-இன் நேர்மாறு 10. இனி 11 × 10 = 110, அதன் மீதி 6. விடை சரி.

சிறிய எண்ணுக்குத் தேடிப் பிடித்துவிட்டோம். நூறு கோடியைத் தாண்டிய பகா எண்ணுக்கு? பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதிய தேற்றம் இங்கே கைகொடுக்கிறது. p பகா எண்ணாக இருந்து, a அதனால் வகுபடாவிட்டால், a-இன் p-1 அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே a-இன் p-2 அடுக்கே அதன் நேர்மாறு. 4-இன் 11-ஆம் அடுக்கைப் பார்ப்போம். 4-ஐ வர்க்கப்படுத்தினால் மீதி 3, அதை மறுபடி வர்க்கப்படுத்தினால் 9, இன்னொரு முறை செய்தால் 3. எட்டாம், இரண்டாம், முதலாம் அடுக்குகளைப் பெருக்கினால் 3 × 3 × 4 = 36, மீதி அதே 10. இப்படி வர்க்கப்படுத்திக்கொண்டே போனால், 1000000007-க்கும் அறுபதுக்குக் குறைவான பெருக்கல்களில் நேர்மாறு கிடைத்துவிடும்.

ஒவ்வொரு கேள்விக்கும் இதைத் திரும்பச் செய்யத் தேவையில்லை. காரணீயப் பெருக்கங்களின் மீதிகளை ஒரு அட்டவணையில் முதலிலேயே நிரப்பிவிடலாம். நேர்மாறுகளுக்கு இரண்டாவது அட்டவணை. இதை நிரப்பும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: அடுக்கு முறையில் கண்டுபிடிப்பது கடைசி எண்ணின் நேர்மாறை மட்டுமே. அங்கிருந்து பின்னோக்கி வந்தால், i!-இன் நேர்மாறை i-ஆல் பெருக்கியதும் அதற்கு முந்தைய காரணீயப் பெருக்கத்தின் நேர்மாறு வந்துவிடுகிறது.

```
P = 1000000007
N = 1000000
f = [1] * (N + 1)
for i in range(1, N + 1):
    f[i] = f[i-1] * i % P
g = [1] * (N + 1)
g[N] = pow(f[N], P - 2, P)
for i in range(N, 0, -1):
    g[i-1] = g[i] * i % P

def C(n, r):
    if r < 0 or r > n:
        return 0
    return f[n] * g[r] % P * g[n-r] % P
```

அட்டவணைகள் தயாரான பிறகு எந்தக் கேள்விக்கும் இரண்டே பெருக்கல்கள் போதும். பாஸ்கல் முக்கோணத்தை வரிசை வரிசையாகக் கட்டி இதே இடத்துக்கு வர ஐம்பதாயிரம் கோடி கூட்டல்கள் வேண்டும்.

சி++ மொழியில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மீதிகளின் பெருக்கல் 32 பிட்டில் அடங்காது, 64 பிட் மாறியில் அடங்கும். விடை எதிர்மறை எண்ணாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு: n, பகா எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 14 பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க 14 வழிகள், 13-ஆல் வகுத்தால் மீதி 1. அட்டவணையோ 0 என்கிறது. 13!-உம் 14!-உம் 13-ஆல் வகுபடுவதால் இரண்டின் மீதியும் பூச்சியம், பூச்சியத்துக்கு நேர்மாறே கிடையாது. இப்படிப்பட்ட கணக்குகளுக்கு லூகாஸ் 1878-இல் தந்த தேற்றம் இருக்கிறது: n, r இரண்டையும் p அடிமானத்தில் எழுதி, இலக்கம் இலக்கமாகக் கெழுக்களைக் கண்டு பெருக்க வேண்டும். 14 என்பது 13 அடிமானத்தில் 1, 1. ஒன்று என்பது 0, 1. இரண்டு இடத்திலும் கெழு 1, பெருக்கினால் சரியான விடை 1. கேள்வியில் பகா எண் சிறியதாகக் கொடுக்கப்பட்டிருந்தால், அட்டவணையை நிரப்பத் தொடங்கும் முன் n-இன் உச்ச அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.