ஹாஸ்டல் நெட்டில் கேம் ஓட ஒரு கடிதம்

இரவு ஒன்பது மணி. ஹாஸ்டல் வைஃபையில் கவுன்ட்டர் ஸ்டிரைக் 2 திறக்கிறது, ஸ்டீம் லாகின் ஆகிறது, நண்பர்கள் பட்டியலும் தெரிகிறது. மேட்ச் கிடைத்து உள்ளே போகும்போது மட்டும் சர்வரோடு இணைப்பு விழ மறுக்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதே லேப்டாப்பில் அதே கேம் ஓடுகிறது. பழுது லேப்டாப்பில் இல்லை, கல்லூரி ஃபயர்வாலில்தான் தடை இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம்.

லாகினும் நண்பர்கள் பட்டியலும் டி.சி.பி. என்ற முறையில் போகின்றன. வழக்கமான இணையதளங்கள் பயன்படுத்தும் 443-ஆம் போர்ட் அவற்றுக்குப் போதும், அதை எந்தக் கல்லூரியும் அடைக்காது. ஆட்டம் நடக்கும்போது பறக்கும் தகவல் யூ.டி.பி. என்ற வேறு முறையில் போகிறது. தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டுக் காத்திருக்க இதில் நேரமில்லை. எதிராளி இப்போது எங்கே நிற்கிறான் என்பது மட்டுமே முக்கியம். டோரன்ட், வி.பி.என். பலவும் யூ.டி.பி.யில் ஓடுவதால், பல ஹாஸ்டல்களில் அதை மொத்தமாக மூடிவிடுகிறார்கள்.

இந்த நிலையில் மாணவர்கள் வழக்கமாக எழுதுவது "சார், கேமிங் போர்ட் ஓப்பன் பண்ணுங்க" என்ற ஒரே வரி. அட்மினுக்கு இது வெளியிலிருந்து கல்லூரிக்குள் வர ஒரு வாசலைத் திறக்கச் சொல்வதுபோல் கேட்கும். அவர் மறுப்பது நியாயம்தான். உண்மையில் தேவைப்படுவது அது இல்லை. மாணவரின் லேப்டாப் வெளியே போய்ப் பேச அனுமதி கிடைத்தால் போதும், அதற்கு வரும் பதிலை ஃபயர்வால் தானாகவே உள்ளே விடும். இந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும். ஒரு நல்ல கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் மூன்றாம் ஆண்டு மாணவன், பி பிளாக்கில் தங்கியிருக்கிறேன். கவுன்ட்டர் ஸ்டிரைக் 2 லாகின் ஆகிறது, மேட்ச் சர்வரோடு இணையவில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சரியாக ஓடுகிறது. ஹாஸ்டல் வி-லேனிலிருந்து வெளியே செல்லும் யூ.டி.பி. 27000 முதல் 27100 வரை, இரவு 8 முதல் 11 வரை மட்டும் அனுமதிக்க முடியுமா? வெளியிலிருந்து உள்ளே எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம். வேகத்துக்கு வரம்பு வைத்தாலும், வகுப்பு, லேப் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை கொடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். இரண்டு வாரம் சோதனையாக வைத்துப் பார்த்து, சிரமம் இருந்தால் நிறுத்திவிடலாம். நேரில் வந்து விளக்கச் சொன்னாலும் வருகிறேன். நன்றி."

27000 முதல் 27100 வரை என்பது கேம் தகவலுக்காக ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே வெளியிட்டிருக்கும் எண்கள். மற்ற கேம்களுக்கு எண்கள் மாறும். அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்து எழுத வேண்டும். "எல்லா கேமும்" என்று கேட்டால் அட்மினால் ஒரு விதியும் எழுத முடியாது.

அடுத்து அவர் கேட்கப்போவது பேண்ட்வித். ஒரு ஆட்டக்காரருக்கு 1 எம்.பி.பி.எஸ். என்று தாராளமாகவே வைத்தாலும், 40 பேர் ஒரே நேரத்தில் ஆடினால் 40 எம்.பி.பி.எஸ். அதே 40 பேர் ஹெச்.டி. படம் பார்த்தால் தலைக்கு 5 வீதம் 200 ஆகிவிடும். ஆட்டம் லைனைத் தின்பதில்லை, டவுன்லோடுதான் தின்கிறது. கவுன்ட்டர் ஸ்டிரைக் 2-க்கு வட்டில் 85 ஜி.பி. இடம் வேண்டும் என்று ஸ்டீம் சொல்கிறது. அந்த அளவை ஒரே ஒருவர் 100 எம்.பி.பி.எஸ். லைனில் இறக்கினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் லைன் முழுக்க அவருக்கே போய்விடும். அதுவும் 80, 443 போர்ட்களில் வருவதால், யூ.டி.பி.யை அடைத்ததால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே கடிதத்தோடு ஒரு வாக்குறுதியும் போக வேண்டும். ஸ்டீம் செட்டிங்ஸில் தானியங்கி அப்டேட்டை விடியற்காலைக்குத் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. ஒருவர் இறக்கிய கேமை அதே நெட்வொர்க்கில் உள்ள நண்பரின் கணினியிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும் வசதியும் 2023 முதல் உண்டு. ஆனால் ஹாஸ்டல் வைஃபையில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருந்தால் இது வேலை செய்யாது. அப்போது அறைகளில் கேபிள் இணைப்பு இருந்தால் அதில் முயன்று பார்க்கலாம்.

அனுமதி கிடைத்ததும் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிங் கட்டளையும் விண்டோஸின் `Test-NetConnection` கட்டளையும் யூ.டி.பி. போர்ட்டைச் சோதிப்பதில்லை. அவை 'சரி' என்று சொன்னாலும் ஆட்டம் ஓடாமல் போகலாம். ஒரு மேட்சில் நுழைந்து பார்ப்பதுதான் சரியான சோதனை. நுழைந்தும் இணைப்பு விழவில்லை என்றால், அந்த நேரத்தையும் உங்கள் ஐ.பி. முகவரியையும் குறித்து அனுப்புங்கள். ஃபயர்வால் பதிவில் எந்தப் பொட்டலம் எந்த விதியில் தடுக்கப்பட்டது என்று அட்மின் நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார்.

மறுப்பு வந்தால் வி.பி.என். போட்டுச் சுற்றிப் போகாதீர்கள். பிடிபட்டால் அடுத்து கேட்கப்போகும் மாணவருக்கும் கதவு அடைபடும். அட்மின்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முடியாது என்றால் எந்த விதி, எந்தக் காரணம் என்று ஒரு வரி பதில் எழுதுங்கள்.